தண்ணீர் பாட்டிலுக்கு முன் ஹெட்செட்டைக் கவனியுங்கள்

சென்னை ஓஎம்ஆரில் மாலை ஆறரைக்கு லாகின் செய்து, அதிகாலை மூன்றரை வரை அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் பேசுகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு மணி நேரம் குரல் கணீரென்று இருக்கும். பத்து மணிக்கு மேல் தொண்டை காயத் தொடங்கும். ஒவ்வொரு காலுக்கு முன்னாலும் கனைத்துக்கொள்வார். வியாழக்கிழமை குரல் கம்மும். வார விடுமுறையில் தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும். அதனால் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. விடுமுறை முடிந்தும் குரல் திரும்பாதபோதுதான் பயம் வருகிறது.

ஏசிக் காற்றைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதிக் காரணம்தான். பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆண்களுக்கு 120 வரை. மூச்சு, மௌனம், எதிர்முனைக்காரர் பேசும் நேரம் எல்லாவற்றையும் கழித்தாலும் ஒரு ஷிப்டில் பல லட்சம் மோதல்கள். குரல்நாண்களின் மேல் இருக்கும் மெல்லிய ஈரப்படலம்தான் இதைத் தாங்குகிறது. அது காய்ந்து கெட்டியானால் அதே சத்தத்துக்கு அதிகம் அழுத்திப் பேச வேண்டியிருக்கும்.

மீதிக் காரணம் காதில் மாட்டியிருக்கிறது. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911-லேயே இதை எழுதி வைத்தார். பக்கத்து இருக்கைகளில் பத்துப் பேர் பேசும் ஃப்ளோரில் இது இரவு முழுக்க நடக்கிறது. போதாக்குறைக்கு, இரண்டு காதையும் மூடும் ஹெட்செட்டில் நம் குரலே நமக்குச் சரியாகக் கேட்காது. கேட்காததை ஈடுகட்டக் கத்துகிறோம்.

ஆகவே முதல் வைத்தியம் ஹெட்செட்டுக்குத்தான். நம் குரலைக் கொஞ்சமாக நம் காதுக்கே திருப்பி அனுப்பும் வசதிக்கு Sidetone என்று பெயர். ஹெட்செட்டின் மென்பொருளில் இருக்கும். ஐடி பிரிவில் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள். அந்த வசதி இல்லாத மாடல் என்றால் ஒரு காதை மட்டும் மூடும் ஹெட்செட் கேளுங்கள். மைக், வாய்க்கு நேரே வேண்டாம். வாயின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். தாடைக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் எதிர்முனையில் “கேட்கவில்லை” என்பார்கள், நீங்களும் குரலை ஏற்றுவீர்கள். அப்படி யாராவது சொன்னால் முதலில் மைக்கின் அளவைக் கூட்டுங்கள். பொதுவான ஹெட்செட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அலுவலகங்களில் ஒவ்வொரு லாகினுக்கும் இதைச் சரிபார்க்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை. தொட்டால் புரையேறிவிடும். அது உடம்பில் சேர்ந்து, பிறகுதான் அங்கே ஈரமாகப் போய்ச் சேர்கிறது. பிரேக்கில் ஒரு பாட்டிலை மடமடவென்று காலி செய்வதை விட, ஷிப்டுக்கு ஓரிரு மணி நேரம் முன்பே தொடங்கி அடிக்கடி ஒவ்வொரு வாய் குடிப்பது மேல். நேராகக் குரல்நாண்களுக்கு ஈரம் கொடுப்பது ஆவிதான். வேலைக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் வெறும் தண்ணீரில் ஆவி பிடித்தால் போதும். புதினா மிட்டாய் குளுகுளுவென்று இருக்கும், காய்ச்சலை நிறுத்தியது போலவும் தோன்றும். அந்தத் தைரியத்தில் இன்னும் சத்தமாகப் பேசுவோம் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

கனைப்பதை விட வேண்டும். ஒவ்வொரு கனைப்பும் குரல்நாண்களைப் படாரென்று மோதவைக்கிறது. அந்த எரிச்சலில் சளி சுரந்து மறுபடி கனைக்கத் தோன்றும். மியூட்டை அழுத்தி ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். அல்லது வாயை மூடி “ம்ம்” என்று மெதுவாக முனகுங்கள்.

பிரேக்கில் செய்ய ஒரு பயிற்சி உண்டு. அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே பரப்பியது. அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனியை ஒரு அங்குலம் அமிழ்த்தி, அதன் வழியாக “ஊ” என்று குமிழி விட வேண்டும். மெல்லக் கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே போய் இறங்கலாம். ஸ்ட்ராவில் தடைபடும் காற்று திரும்பி அழுத்துவதால் குரல்நாண்கள் இடித்துக்கொள்ளாமல் அதிர்கின்றன. இரண்டு நிமிடம் போதும். கழுத்து இறுகினால் பலமாக ஊதுகிறீர்கள் என்று அர்த்தம். தொண்டை கட்டிய நாளில் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு ஆகாது. பலருக்கு அது இன்னும் சிரமம்தான்.

இத்தனையும் செய்து கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், சளியில் ரத்தம் இருந்தால் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. சின்னக் கேமரா விட்டுப் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அதிகம் பேசுவதால் வரும் சிறு முடிச்சுகளுக்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. குரல் பயிற்சியே குறைத்துவிடும். அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு காலையில்தான் நடக்கும். நைட் ஷிப்ட்காரர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாமல் நேரே அங்கே போய்விடுவது நல்லது.