தீபாவளிக் கூட்டத்துக்கு முன் பத்து நிமிடப் பேச்சு

ஆயுத பூஜை முடிந்த கையோடு ஜவுளிக்கடைகளில் தீபாவளி வேலை தொடங்கிவிடும். குடோனுக்குப் பண்டல்கள் வந்து இறங்கும். சீசனுக்கென்று புது ஆட்கள் சேர்வார்கள். அப்படி ஒரு நாள் காலையில், கடை திறப்பதற்கு முன், மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசுவார். பல கடைகளில் அந்தப் பேச்சு ஒரே மாதிரிதான் இருக்கும். போன வருஷத்தைவிட அதிகம் விற்க வேண்டும், யாரும் லீவு கேட்கக் கூடாது, வாடிக்கையாளரிடம் சிரித்த முகமாக இருக்க வேண்டும். நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அவர்கள் மனதில் ஓடும் கேள்விகள் வேறு. சாப்பிட எப்போது விடுவார்கள்? ராத்திரி கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா? கூட்டத்தில் ஒரு சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? இவற்றுக்குப் பதில் சொல்கிற மேனேஜரின் பேச்சில்தான் ஊழியர்களுக்குத் தெம்பு பிறக்கிறது.

மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு நடுத்தர ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். புதியவர்களையும் சேர்த்து 32 பேர். காலை ஒன்பது மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடுகிறார்கள். அங்கே மேனேஜர் இப்படித் தொடங்கலாம்:

“எல்லாரும் கவனிங்க. வர்ற சனி, ஞாயித்துக்கிழமை பாதிப் பேர் ஒன்பது மணிக்கு வந்து ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பிடலாம். மீதிப் பேர் பதினோரு மணிக்கு வந்து பத்து வரைக்கும் இருக்கணும். சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம். பன்னெண்டு, ஒன்னு, ரெண்டு, மூணுன்னு நாலு பந்தி. பந்திக்கு எட்டுப் பேர். கூட்டமா இருக்கேன்னு யாரும் சாப்பிடாம நிக்க வேண்டாம். உங்க நேரம் வந்ததும் சூப்பர்வைசர் உங்க இடத்துக்கு ஆள் விடுவாரு.”

கேட்க எளிமையாக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. கூடுதல் வேலையைச் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். நான்கு மணி நேர வேலைக்குள் ஒரு மணி நேர ஓய்வும் கட்டாயம். மேலே சொன்ன நான்கு பந்திகளில் ஒன்பது மணிக்கு வந்தவர் ஒரு மணிக்குள்ளும், பதினொன்றுக்கு வந்தவர் மூன்று மணிக்குள்ளும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். கூட்டம் நெரியும் மாலை நான்கு முதல் எட்டு வரை 32 பேரும் தளத்தில் இருப்பார்கள். சனி, ஞாயிறு பத்து பத்து மணி நேரம் வேலை வாங்கினால், ஒரு நாள் வார விடுமுறை போக, மற்ற நான்கு நாளும் எட்டரை மணியோடு நிறுத்தினால்தான் 54-க்குள் அடங்கும். மேனேஜர் இந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேசினால், லீவு பற்றிய முணுமுணுப்பு பாதி குறைந்துவிடும். கூடுதல் வேலைக்கான பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து உட்காருவது. நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும்; வருஷக்கணக்கில் நின்றவர்களுக்கு நரம்பு சுருட்டிக்கொள்ளும். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதன் பலனாக 2018-இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்றார்கள். ஆனால் ஸ்டூல் இருந்தும் உட்காரத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். ஆகவே மேனேஜர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “கஸ்டமர் இல்லாத நேரத்துல உட்காருங்க. நான் வந்தாலும் எழுந்திரிக்க வேண்டாம். பாத்ரூம் போறதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம், பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க.” இதைச் சொல்லாவிட்டால், போக முடியாதே என்று தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டும் பெண்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து தீபாவளி வாரத்திலேயே படுத்துவிடுவார்கள்.

இதற்குப் பிறகுதான் விற்பனைக்கு வர வேண்டும். அதிலும் இரண்டு மூன்று விஷயம் போதும். புடவைப் பிரிவில் கூட்ட நேரத்தில் வேலை முடங்குவது பெரும்பாலும் மடிப்பதில்தான். விரித்த புடவைகள் மேஜையில் குவியக் குவிய, கேட்ட நிறம் அடியில் போய்விடும். அதைத் தேடும் நேரத்தில் அடுத்த குடும்பம் நகர்ந்துவிடும். அதனால் அனுபவமுள்ளவர் ஒருவரையும் புதியவர் ஒருவரையும் ஜோடி சேர்க்க வேண்டும். “அக்கா காட்டட்டும், நீ மடிம்மா. மேஜையில அஞ்சு புடவைக்கு மேல விரிஞ்சு கிடக்கக் கூடாது” என்று சொன்னால் புதிதாக வந்த பெண்ணுக்கும் தன் வேலை என்ன என்று பிடிபட்டுவிடும். மடித்துக்கொண்டே விலையையும் ரகத்தையும் அவள் பழகிக்கொள்வாள்.

பில் கவுண்டரில் இருப்பவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. போனில் பணம் கட்டும்போது வாடிக்கையாளர் காட்டும் திரையை வைத்துப் பணம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடையின் ஒலிப்பெட்டியோ கடை போனோ சொல்ல வேண்டும். சில நேரம் அவர் கணக்கில் பணம் கழிந்தும் கடைக்கு வந்திருக்காது. அங்கே பில் போடுபவர் வாதாட ஆரம்பித்தால் வரிசை முழுக்க நின்றுவிடும். “பையை ஓரமா வைங்க, சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க, அடுத்த பில்லைப் போடுங்க. நம்ம நெட்வொர்க் கோளாறுல பணம் விட்டுப்போச்சுன்னா உங்க சம்பளத்துல பிடிக்க மாட்டோம்” என்று மேனேஜர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை பயத்தில் வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்காது.

பேச்சைக் கெடுப்பவையும் உண்டு. போன வருஷம் தப்பு செய்தவரைப் பெயர் சொல்லி எல்லோர் முன்பும் குத்திக்காட்டினால், அதன்பின் எந்தத் தப்பும் மேனேஜர் காதுக்கு வராது, மறைக்கத்தான் பார்ப்பார்கள். இரவு கடை மூடிய பிறகு பேசினால் எல்லோர் கண்ணும் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும். முதலாளியிடம் கேட்காமல் இனாம் தருவதாகச் சொன்னால் அது சீசன் முடிந்தபின் சண்டையாக முடியும்.

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, “புரிஞ்சுதா?” என்று கேட்டுப் பயனில்லை; எல்லோரும் ஆமாம் என்பார்கள். நேற்றுச் சேர்ந்தவரிடம் கேட்க வேண்டும்: “தம்பி, கூட்டத்துல ஒரு குழந்தை தனியா அழுதுக்கிட்டு நிக்குது. என்ன பண்ணுவ?” அங்கேயே நின்று சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன், குழந்தையைக் கல்லாப் பக்கம் அக்காவிடம் உட்கார வைப்போம், யார் வந்து கேட்டாலும் குழந்தை பெயரையும் போட்டிருக்கும் உடுப்பையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வோம் என்று அவன் சொன்னால் பேச்சு பலித்தது. விழித்தால், அந்தப் பகுதியை இன்னொரு முறை சொல்ல வேண்டும்.

பேச்சுக்கு உண்மையான சோதனை முதல் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வரும். கடை நிரம்பியிருக்கும், முதல் பந்தி எட்டுப் பேரை அனுப்ப மனம் வராது. “இன்னும் அரை மணி நேரம் பாருங்க” என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அன்று காலை சொன்ன அத்தனையும் வெறும் பேச்சாகிவிடும். எனவே அந்த நேரத்தில் மேனேஜர் தன் அறையில் இருக்கக் கூடாது. தளத்துக்கு இறங்கி வந்து, அந்த எட்டுப் பேரையும் தானே சாப்பிட அனுப்பிவிட்டு, காலியான ஒரு மேஜையில் புடவையை மடிக்க நிற்க வேண்டும்.