பூஜ்யமும் பூஜ்யமும் சேர்ந்தால் ஒரு லட்சம்

முதலீட்டின் அபாயத்தை ஒரே எண்ணில் சொல்ல வங்கிகள் நெடுநாளாக நம்பியிருந்த கணக்கு ‘வேல்யூ அட் ரிஸ்க்’. 95 சதவீத மட்டத்தில் அதன் பொருள் இதுதான்: நூற்றில் 95 முறை நஷ்டம் இந்தத் தொகையைத் தாண்டாது. மிச்ச ஐந்து முறை எவ்வளவு போகும் என்பதைப் பற்றி அது வாய் திறக்காது.

ஆர்ட்ஸ்னர், டெல்பேன், எபெர், ஹீத் ஆகிய நால்வர் 1999-இல் ஒரு நல்ல அபாய அளவுகோலுக்கு நான்கு நிபந்தனைகள் வகுத்தார்கள். மூன்றை வேல்யூ அட் ரிஸ்க் தேறிவிடுகிறது. நான்காவதில்தான் சறுக்குகிறது: இரண்டு முதலீடுகளைச் சேர்த்து வைத்தால், அபாயம் தனித்தனி அபாயங்களின் கூட்டுத்தொகையை மீறக் கூடாது.

இரண்டு கம்பெனிகளின் கடன் பத்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் திவாலாக 4 சதவீத வாய்ப்பு; ஆனால் ஒரு லட்சம் ரூபாய் போய்விடும். ஒன்றின் கதி மற்றதைப் பாதிக்காது. நடக்கக்கூடியவற்றைப் பத்தாயிரம் நிகழ்வுகளாக விரித்துப் பாருங்கள். முதல் பத்திரம் 9,600-இல் தப்பிக்கிறது. 95 சதவீதத்துக்கு 9,500 போதும் என்பதால் அதன் வேல்யூ அட் ரிஸ்க் பூஜ்யம். இரண்டாவதற்கும் அப்படியே.

இரண்டையும் வாங்கினால்? 16 நிகழ்வுகளில் இரண்டுமே முழுகும். 768-இல் ஏதாவது ஒன்று. நஷ்டமே இல்லாதவை 9,216 தான். 9,500-ஐ எட்ட ஒரு லட்ச நஷ்டத்தையும் உள்ளே சேர்த்தாக வேண்டும். ஆக, வேல்யூ அட் ரிஸ்க் ஒரு லட்சம். பணத்தைப் பிரித்துப் போட்டவரை இந்தக் கணக்கு தண்டிக்கிறது! ஒரே வங்கியில் இரண்டு பிரிவுகள் ஆளுக்கொரு பத்திரத்தை வைத்துக்கொண்டு, ‘எங்களிடம் அபாயமே இல்லை’ என்று கணக்குக் காட்டவும் முடியும்.

‘எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால்’ வேறு கேள்வி கேட்கிறது: மிக மோசமான 500 நிகழ்வுகளில் சராசரி நஷ்டம் எவ்வளவு? தனிப் பத்திரத்துக்கு அந்த 500-இல் 400 நிகழ்வுகள் தலா ஒரு லட்சம், மீதி 100 பூஜ்யம், சராசரி 80,000. இரண்டுக்கும் கூட்டினால் 1,60,000. சேர்த்து வைத்தால், 16 நிகழ்வுகள் இரண்டு லட்சம், 484 நிகழ்வுகள் ஒரு லட்சம். மொத்தம் 516 லட்சம், சராசரி 1,03,200. அபாயம் குறைந்திருக்கிறது.

இது இந்த எண்களின் அதிர்ஷ்டம் அல்ல. சேர்ந்த முதலீட்டுக்கு மோசமான 500 நிகழ்வுகள் எவையோ, அவற்றில் முதல் பத்திரத்தின் மொத்த நஷ்டம், அதற்கே உரிய மோசமான 500-இன் 400 லட்சத்தைத் தாண்ட முடியாது. இரண்டாவதற்கும் அதே உச்சவரம்பு. எந்த எண்களைப் போட்டாலும் இந்த வாதம் நிற்கும்.

நஷ்டங்கள் மணி வடிவ வளைவில் பரவியிருந்தால் வேல்யூ அட் ரிஸ்கும் ஒழுங்காகவே நடந்துகொள்ளும். திவால் போல அரிதாக வந்து பெரிதாக அடிக்கும் நஷ்டங்களில்தான் அதன் குட்டு வெளிப்படுகிறது. பாசல் குழு 2016-இல் வெளியிட்ட சந்தை அபாய விதிகள், மூலதனக் கணக்குக்கு 97.5 சதவீத எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபாலை ஏற்றன. கணிப்பு பலித்ததா என்று பின்னோக்கிச் சரிபார்க்க மட்டும் பழைய வேல்யூ அட் ரிஸ்கையே வைத்துக்கொண்டன; வரம்பு மீறிய நாட்களை எண்ணினாலே அந்தச் சோதனை முடிந்துவிடும்.