பின்னட்டைக் குறிப்பைத் திருத்துதல்

தம் செலவில் நாவலை வெளியிடுபவர், பின்னட்டைக் குறிப்பையும் பெரும்பாலும் தாமே எழுதுகிறார். முடிவை அறிந்தவராதலால், அதையும் வெளிப்படுத்திவிடுவதுண்டு. கற்பனை நாவல் ஒன்றின் குறிப்பைக் காண்க.

முதல் வடிவம்: “மறைந்த தந்தையின் பெயரில் மோகனுக்குக் கடிதம் வருகிறது. அதைத் தாயே எழுதினார் என்றறிந்து, வீட்டை விற்காமல் விடுகிறான்.”

இதில் புதிரோடு விடையும் வந்துவிட்டது. ‘மோகன் வாழ்வில் ஒரு மர்மம்’ என்று சுருக்கினாலோ, அஃது எந்த நாவலுக்கும் பொருந்தும். எனவே, தொடக்கச் சிக்கலைத் தெளிவாகக் கூறி, விடையை மட்டும் நீக்குதல் வேண்டும்.

திருத்திய வடிவம்: “தந்தை மறைந்து ஓராண்டுக்குப்பின் அவர் பெயரில் ஒரு கடிதம்: வீட்டை விற்காதே! பத்திரப்பதிவுக்கு மூன்றே நாள்கள் உள்ளன. மோகன் என்ன செய்வான்?”

கடிதமும் காலக்கெடுவும் ஆவலைத் தூண்டுகின்றன. எழுதியவர் யார் என்பதும் மோகனின் முடிவும் நூலுக்குள்ளேயே இருக்கின்றன.