2009-லேயே நிறுத்தியிருக்கலாம்

2013 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் இறந்தபோது, பிபிசி ஊழியர்கள் பழைய வீடியோ டேப்புகளைக் கிடங்கிலிருந்து டாக்ஸியிலும் பாதாள ரயிலிலும் சுமந்து வந்ததாக லண்டன் பத்திரிகைகள் எழுதின. டேப்பே வேண்டாம், படப்பிடிப்பு முதல் ஆவணக் காப்பு வரை எல்லாம் கணினியிலேயே நடக்கட்டும் என்று ஐந்து ஆண்டுகளாக ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் 'டிஜிட்டல் மீடியா இனிஷியேட்டிவ்'. அடுத்த மாதமே அதற்கு மூடுவிழா. நஷ்டக் கணக்கில் எழுதிய தொகை 9.84 கோடி பவுண்டு.

மூடியதில் தவறில்லை. தாமதம்தான் தவறு. 2008-இல் வேலையை எடுத்த சீமென்ஸ் நிறுவனத்துடனான ஒப்பந்தம், இழுபறிக்குப் பிறகு 2009 ஜூலையில் முடித்துக்கொள்ளப்பட்டது. கையைக் கழுவ அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. இன்று புதிதாகத் தொடங்குவதென்றால் இதையே தொடங்குவோமா என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். பிபிசியோ வேலையைத் தானே கையில் எடுத்துக்கொண்டது. அது கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே கடையில் வாங்கக்கூடிய மென்பொருள்களும் தேறிவந்தன.

உள்ளே இருந்த தகராறு இன்னொன்று. தயாரிப்புக் குழுக்கள் கேட்பதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்றது தொழில்நுட்பப் பிரிவு. நீங்கள் தருவதை நம்பி வேலை செய்ய முடியவில்லை என்றன தயாரிப்புக் குழுக்கள். இந்த நிலையில், என்னென்ன எழுதி முடித்தோம் என்ற பட்டியல் எதையும் காட்டாது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதே கணக்கு. மிஞ்சிய ஆவணப் பட்டியல் மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் 163 பேர். அதை நடத்த ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டு. நாற்பது வயதான பழைய அமைப்புக்கு ஆன செலவு 7.8 லட்சம்தான்! ஆனாலும் 2011-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் போன பிபிசி தலைமை, திட்டத்தின் பகுதிகள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதாகவே சொன்னது.

பாடங்களை எழுதியது தணிக்கையாளர்கள். மொத்தத் திட்டத்துக்கும் பொறுப்பான ஒருவர் இல்லை, வடிவமைப்பை வெளியாள் யாரும் சோதிக்கவில்லை என்று அவர்கள் கண்டார்கள். சரியான கண்டுபிடிப்புகள்தான். ஆனால் அதற்குள் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார்; பிறகு வழக்கும் நடந்தது. 2014-இல் தீர்ப்பாயம் அந்த நீக்கம் முறையற்றது என்றது. வேலை போகுமோ என்று பயப்படுகிறவர் நடந்ததை உள்ளபடி சொல்லமாட்டார்.

ஆகவே ஒரு திட்டத்தை மூடும் பொறுப்பு உங்களிடம் வந்தால், குழு கலைவதற்கு முன், யார் குற்றவாளி என்ற விசாரணை தொடங்குவதற்கும் முன், ஒவ்வொரு பெரிய முடிவையும் எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதியில் எடுத்தது, அன்று என்ன தெரிந்திருந்தது, எந்த மாற்று வழியை ஏன் விட்டார்கள். பெயர்கள் அதில் வேண்டாம்.