மேனேஜ்மென்ட் ட்ரெய்னி வேலைக்கு ஒரு கவர் லெட்டர்

ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்த ஒருவர் நட்சத்திர ஹோட்டலுக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு. கிச்சனில் காமியாகவோ, ரெஸ்டாரன்டில் ஸ்டூவர்டாகவோ, ரிசப்ஷனில் அசோசியேட்டாகவோ ஒரு துறையில் நேரடியாகச் சேர்ந்து படிப்படியாக மேலே போவது ஒன்று. மற்றது மேனேஜ்மென்ட் ட்ரெய்னி. இதில் சேர்பவரை ஹோட்டலே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பல துறைகளில் சுழற்றி வேலை பழக்கி, பிறகு உதவி மேலாளர் நிலையில் அமர்த்துகிறது. தாஜ், ஓபராய், ஐடிசி போன்ற குழுமங்கள் இத்தகைய பயிற்சியை நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. ஓபராய் குழுமம் இதற்கென்றே 1966இல் டெல்லியில் ஒரு பள்ளியைத் தொடங்கியது.

இந்த வேறுபாடு தெரியாமல் எழுதப்படும் கவர் லெட்டர்தான் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே ஒதுக்கப்படுகிறது. ஸ்டூவர்ட் வேலைக்கு ஆள் எடுப்பவர், வேலை தெரியுமா என்று பார்ப்பார். ட்ரெய்னி எடுப்பவர் பார்ப்பது வேறு: ஒரு துறையில் நடப்பது இன்னொரு துறையை எப்படிப் பாதிக்கிறது என்று இவருக்குப் புரிகிறதா? இரண்டு ஆண்டு கழித்து, தன்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப் போகிறவர் இவர். கடிதத்தை முதலில் படிப்பவர் மனிதவளத் துறையினராக இருந்தாலும், அடுத்து அது ட்ரெய்னிங் மேனேஜரிடமும் துறைத் தலைவர்களிடமும் போகும். அவர்கள் அனைவரும் ஒரு காலத்தில் தட்டு ஏந்தியவர்கள், படுக்கை விரித்தவர்கள். அலங்காரச் சொற்கள் அவர்களிடம் எடுபடாது.

புதிதாகப் படித்து வெளிவருபவரிடம் வேலை அனுபவம் இல்லையே, எதை எழுதுவது? மூன்றாண்டுப் படிப்பின் நடுவே நட்சத்திர ஹோட்டலில் செய்த பயிற்சிதான் அவருடைய கையிருப்பு. ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், சர்வீஸ், கிச்சன் என்ற நான்கு துறைகளிலும் சில வாரங்கள் வீதம் அவர் இருந்திருப்பார். வழக்கமான கடிதங்களில் இது ஒரே வரியில் முடிந்துவிடும்: ‘ஒரு புகழ்பெற்ற ஐந்து நட்சத்திர ஹோட்டலில் நான்கு முக்கியத் துறைகளிலும் பயிற்சி பெற்று, விருந்தோம்பலில் ஆர்வத்தை வளர்த்துக்கொண்டேன்.’ இந்த வரியை அதே வகுப்பில் படித்த அறுபது பேரும் எழுதலாம். அதுதான் இதன் குறை.

அதே பயிற்சியிலிருந்து ஒரு நாளை மட்டும் எடுத்து விவரித்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். சென்னை ஹோட்டல் ஒன்றில் பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர் கடிதத்தின் இரண்டாம் பத்தியை இப்படி எழுதுவதாகக் கொள்வோம். உண்மையில் ஆங்கிலத்தில் எழுதப்படும் அதன் சாரம் இது:

‘பயிற்சியின் எட்டாவது வாரம், ஒரு முகூர்த்த நாளில், நாற்பது அறைகள் பதிவு செய்திருந்த திருமணக் குழு பகல் 12 மணிக்கே வந்துவிட்டது. செக்-இன் நேரம் 2 மணி. தயாராக இருந்தவை பதினோரு அறைகள். எந்தெந்த அறை முதலில் வேண்டும் என்று ஹவுஸ்கீப்பிங் ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் சொல்லி, தயாரானவற்றை ரிசப்ஷனுக்குத் தெரிவிக்கும் வேலையை டியூட்டி மேனேஜர் எனக்குக் கொடுத்தார். முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருந்த குடும்பங்களுக்கு முதலில் அறை கொடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தபோது, செக்-அவுட் ஆன அறையைத் தயார் செய்ய அரை மணி நேரம் பிடிக்கும் என்று நேரில் பார்த்திருந்தேன். அதனால் காத்திருந்த யாரிடமும் ஐந்து நிமிடத்தில் அறை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை.’

இந்தப் பத்தியின் உயிர் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. ரிசப்ஷனில் நிற்கும் கூட்டத்துக்குக் காரணம் மேல் மாடியில் விரிக்கப்படாத படுக்கைகள் என்பதை இந்த மாணவர் கண்டுகொண்டார். ஒரு துறையில் கற்றதை இன்னொரு துறையில் பயன்படுத்தினார். ட்ரெய்னிங் மேனேஜர் தேடுவது இதைத்தான். ‘நான் தலைமைப் பண்பு கொண்டவன்’ என்ற வரி இதற்குப் பிறகு தேவைப்படாது.

இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. ‘நாற்பது அறைகளின் செக்-இன்னை நான் நிர்வகித்தேன்’ என்று சற்றே ஊதிப் பெருக்கத் தோன்றும். பயிற்சி மாணவரிடம் அறை ஒதுக்கும் பொறுப்பை எந்த ஹோட்டலும் முழுமையாகக் கொடுக்காது என்பது படிப்பவருக்குத் தெரியும். நேர்காணலில் ‘அறை எண்களை நீங்களா ஒதுக்கினீர்கள்?’ என்று ஒரு கேள்வி வந்தாலே சாயம் வெளுத்துவிடும். தகவல் சொல்லும் வேலை செய்ததைத் தகவல் சொன்னதாகவே எழுதினால் போதும்; அந்த வயதில் அதுவே பெரிய விஷயம். விருந்தினரின் பெயர், பழைய ஹோட்டலின் உட்கணக்கு, அங்கே நடந்த சண்டை ஆகியவற்றையும் எழுதக் கூடாது. முந்தைய இடத்தின் ரகசியத்தை வேலை கேட்கும் கடிதத்திலேயே அவிழ்ப்பவரை அறைச் சாவியுடன் நம்பி அனுப்ப யாரும் விரும்புவதில்லை.

முதல் பத்தி இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் வேண்டாம். எந்தப் பணி, எந்தக் கல்லூரி, எப்போது படிப்பு முடிகிறது, அவ்வளவுதான். கிச்சனுக்கான ட்ரெய்னிப் பணி பல குழுமங்களில் தனியாகவே அறிவிக்கப்படும். பொதுவான ஆபரேஷன்ஸ் பணிக்கு விண்ணப்பித்துவிட்டு, சமையலே என் உயிர் என்று எழுதினால், அறிவிப்பை வாசிக்கவில்லை என்றுதான் பொருள்படும். கடைசித் தேர்வு முடிவு வரவில்லை என்றால் அதையும், அரியர் இருந்தால் அது எத்தனை பாடம், எப்போது எழுதப் போகிறார் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. சான்றிதழ் சரிபார்ப்பில் எப்படியும் தெரியப் போகிற செய்தி அது.

மூன்றாம் பத்தியில் நடைமுறை விஷயங்கள் வரும். ட்ரெய்னியை நாட்டின் எந்த ஊருக்கும் அனுப்புவார்கள். இரவுப் பணி உண்டு. மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி விட்டு வரும் பிரேக் ஷிஃப்ட் உண்டு. சில குழுமங்கள் பயிற்சிக்குப் பின் குறிப்பிட்ட காலம் பணியாற்ற ஒப்பந்தமும் கேட்கும். இவற்றை அறிந்தே விண்ணப்பிப்பதாக ஒரு வாக்கியம் இருந்தால், பயிற்சியின் பாதியில் ஓடிவிடுவாரோ என்ற கவலை படிப்பவருக்குக் குறையும். தமிழ்நாட்டு மாணவர்கள் இங்கே இந்தியையும் நினைவில் கொள்ள வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று எழுதி, ஜெய்ப்பூரில் போய் விழிப்பதைவிட, பேசினால் புரியும், பேசப் பழகி வருகிறேன் என்று உள்ளதைச் சொல்வது மேல்.

மதிப்பெண், பொழுதுபோக்கு, பெற்றோர் பெயர் எல்லாம் பயோடேட்டாவில் இருக்கும். கடிதத்தில் மறுபடி வேண்டாம். மொத்தமும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியது ஹோட்டலின் பெயர். ஒரே கடிதத்தைப் பத்து இடங்களுக்கு அனுப்பும்போது, ஒரு குழுமத்துக்குப் போகும் கடிதத்தில் போட்டிக் குழுமத்தின் பெயர் தங்கிவிடுவதுண்டு. அறைக் கதவில் தொங்கும் அட்டை வரை சரிபார்க்கும் தொழிலில் இந்தப் பிழைக்கு மன்னிப்பு கிடைப்பது அரிது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், முதல் கேள்வி பெரும்பாலும் இரண்டாம் பத்தியிலிருந்தே வரும். எனவே அந்த முகூர்த்த நாளில் மீதி இருபத்தொன்பது அறைகள் எப்படித் தயாராயின, அதுவரை விருந்தினர்கள் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லத் தயாராகப் போக வேண்டும்.