ஒன்பது மணிக்குள் வராத ரிப்போர்ட்
புதிய துறைத் தலைவரின் முதல் 90 நாள்

இருநூறு படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அதன் ரத்தப் பரிசோதனை லேபுக்குத் தலைவராக வேறு ஊரிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வருகிறார். கீழே பதினெட்டுப் பேர். டெக்னீஷியன்கள், வெளிநோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பவர்கள், ரிசப்ஷனில் இருப்பவர்கள் என்று யாரையும் அவருக்கு முன்பின் தெரியாது. நிர்வாக இயக்குநர் வேலை உத்தரவைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறார்: "காலையில ரவுண்ட்ஸுக்கு ரிப்போர்ட் வர்றதில்லன்னு எல்லா டாக்டரும் புகார் சொல்றாங்க மேடம். மூணு மாசத்துல சரி பண்ணிடுங்க."

இது உதாரணத்துக்காக நான் அமைத்துக்கொண்ட லேப். ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எந்த மருத்துவமனை லேபிலும் நடப்பவை.

புதிதாக வரும் தலைவருக்கு 90 நாள் என்ற கணக்கைப் பரவலாக்கியது மைக்கேல் வாட்கின்ஸ் 2003இல் எழுதிய நிர்வாக நூல். நிறுவனத் தலைவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: புதிதாக வந்த ஒரு நடுநிலை மேலாளர், நிறுவனத்திடம் பெற்றுக்கொண்ட அளவுக்குத் திருப்பித் தர எத்தனை நாளாகும்? பதில்களின் சராசரி ஆறு மாதத்துக்குச் சற்று மேல். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் கபாரோ புதிய தலைவர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்தார். ஒருவர் ஒரு பொறுப்பை முழுமையாகக் கைக்குள் கொண்டுவர இரண்டரை, மூன்று ஆண்டுகள்கூட ஆகின்றன என்று கண்டார். ஆகவே மூன்று மாதத்தில் ஒரு துறையை மாற்றிவிடலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஒரே ஒரு கோளாறைச் சரிசெய்ய அந்த அவகாசம் போதும்.

நம் மருத்துவர் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது, இயக்குநரிடம் திரும்பிப் போய் அந்தப் புகாரைப் பிரித்துக் கேட்பது. எந்த வார்டு, எந்தப் பரிசோதனை, எத்தனை மணிக்குள் வேண்டும்? பதில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: பொது மருத்துவ வார்டு, யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும் ஒன்பது மணிக்குள். 'ரிப்போர்ட் லேட்' என்ற பொதுவான குறை இப்போது அளக்கக்கூடிய ஒன்றாகிவிட்டது. இதே சந்திப்பில் இன்னொன்றையும் பேசிக்கொள்ள வேண்டும். முதல் மாதத்தில் மாற்றம் எதுவும் கண்ணில் படாது. முப்பதாம் நாள் வந்து, கண்டதைச் சொல்கிறேன் என்று நாள் குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், மூன்றாம் வாரத்தில் இயக்குநர் பொறுமை இழப்பார். அந்த அவசரத்தில் தவறான இடத்தில் கை வைக்க நேரும்.

அடுத்து ஆட்கள். பதினெட்டுப் பேரையும் தனித்தனியாக, ஆளுக்கு அரை மணி நேரம் பார்க்க வேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது மிக முக்கியம். உங்கள் ஷிஃப்டில் வேலை எங்கே தேங்குகிறது? எதைச் செய்ய மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறீர்கள்? எதை மாற்றக் கூடாது? இதற்கு முன் எதை மாற்றப் பார்த்து நின்றுபோனது? கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறினால் பதில்களை ஒப்பிட முடியாது. நன்றாகப் பேசத் தெரிந்தவர் சொன்னதே மனதில் நிற்கும். கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் அதிகம் சொல்லும். பழைய தோல்விகளின் காரணங்கள் எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை.

அந்த வரிசையில் முதலில் பார்க்க வேண்டியவர் இந்தப் பதவியை எதிர்பார்த்திருந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே லேபில் இருக்கும் மூத்த டெக்னீஷியன் ஒருவர், தன்னைப் பொறுப்பாளராக்குவார்கள் என்று நினைத்திருந்தார். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்வது அவரை இன்னும் புண்படுத்தும். அவரைத் தன் அறைக்குக் கூப்பிடாமல், அவர் மெஷினருகே போய் நின்று, "சார், இந்த இடம் உங்களுக்கு வந்திருக்கணும்னு நினைச்சிருப்பீங்க. அதைப் பத்தி நான் முடிவெடுக்கல. ஆனா உங்களைக் கேக்காம ரோஸ்டர்லயும் மெஷின்லயும் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிடலாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். தோற்ற புதிய தலைவர்களிடம் கபாரோ கண்ட முக்கியமான குறை, தமக்குக் கீழே இருந்த முக்கியமான ஆட்களோடு சரியான உறவு அமையாததுதான்.

குழு தலைவரைப் பற்றி அறிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1970களில் பழக்கத்துக்கு வந்த முறை அது. புதிய தலைவர் வெளியே போய்விடுவார். மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் குழுவோடு உட்கார்ந்து, இவரைப் பற்றி என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும், எதை நினைத்துப் பயப்படுகிறோம் என்று கேட்டு, பெயர் இல்லாமல் பலகையில் எழுதுவார். பிறகு தலைவர் உள்ளே வந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். நம் ஊரில் இது கூடுதலாகவே பயன்படும் என்பது என் எண்ணம். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று மேலதிகாரி நேரில் கேட்டால் "இல்லீங்க மேடம்" என்ற பதில்தான் வரும். இந்தக் கூட்டத்தில் "நைட் டியூட்டி அலவன்ஸை நிறுத்திடுவீங்களா?" என்ற கேள்வி பலகையில் வந்து நிற்கும்.

பதினெட்டுப் பேரில் பலரும் தாமதத்துக்கு ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள்: மெஷின் பழசு, ஆள் போதாது. வேகமான தலைவர் இங்கேயே புது அனலைசருக்கு விலை கேட்டுவிடுவார். நம் மருத்துவர் அதற்கு முன் ஒரு குழாய் ரத்தத்தின் பின்னாலேயே போகிறார். மூன்று நாள் விடியற்காலையில் வார்டில் நின்று, ஒவ்வொரு சாம்பிளுக்கும் நான்கு நேரங்களைக் குறிக்கிறார்: ரத்தம் எடுத்த நேரம், லேபில் பதிவான நேரம், மெஷின் முடிவு சொன்ன நேரம், கையெழுத்தாகி ரிப்போர்ட் போன நேரம்.

நடுவாக ஒரு சாம்பிளின் கணக்கு இப்படி இருக்கிறது. நைட் நர்ஸ் 5.40க்கு ரத்தம் எடுக்கிறார். லேபில் பதிவாவது 7.25க்கு. முடிவு வருவது 8.35. மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்டு ரிப்போர்ட் போவது 9.20. மொத்தம் 220 நிமிடம். அதில் 105 நிமிடம் குழாய் லேபுக்கே வரவில்லை. வார்டு முழுக்க ரத்தம் எடுத்து முடித்த பிறகு எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து உதவியாளர் ஒருமுறையாகக் கொண்டுவருகிறார். அதே நேரம் வெறும் வயிற்றோடு வந்த வெளிநோயாளிகளின் சாம்பிள்களும் வந்து குவிகின்றன. ரத்தம் உறைய அரை மணி, சுழற்றிச் சீரம் பிரிக்கப் பத்து நிமிடம் என்று இயல்பாகவே நேரம் பிடிக்கும் வேலை அந்த நெரிசலில் சிக்கிக்கொள்கிறது. மெஷின் பங்குக்கு மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான்.

லேபின் கம்ப்யூட்டரோ, சாம்பிள் பதிவான நொடியிலிருந்துதான் எண்ணுகிறது. 7.25இலிருந்து 9.20 வரை 115 நிமிடம். லேபின் இலக்கு 120 நிமிடம். லேப் ஊழியர்கள் "நாங்க சொன்ன நேரத்துல கொடுக்கிறோம்" என்பதும் உண்மை, மருத்துவர்கள் "லேட்" என்பதும் உண்மை. இரண்டு தரப்பும் பல காலமாக வெவ்வேறு கடிகாரங்களைப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

விடை எளிதாகத் தெரிகிறது: சாம்பிளை இரண்டு தடவையாக, சீக்கிரமே கொண்டுவரச் சொல்லலாம். இங்கேதான் நைட் ஷிஃப்டில் போய் உட்கார்ந்த இரவு கைகொடுக்கிறது. தனியாக இருக்கும் டெக்னீஷியன் சொல்கிறார்: "ஆறு மணிக்கு வந்தாலும் சும்மாதான் இருக்கும் மேடம். க்யூசி போடுறது மார்னிங் ஷிஃப்ட்தான், ஏழு மணிக்கு." மதிப்பு தெரிந்த திரவத்தை ஓட்டி, மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் க்யூசி. அந்த நாளின் வழக்கமான சாம்பிள்களை அதற்குப் பிறகுதான் ஓட்டுகிறார்கள். இரவு முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒற்றை ஆளாக ஓடுபவரிடம் இதையும் சேர்த்துச் சுமத்தினால் அவசர சாம்பிள் தாமதமாகும். இரண்டு ஆண்டுக்கு முன் யாரோ சீக்கிரம் கொண்டுவரச் சொல்லி, சாம்பிள்கள் கிடந்ததைப் பார்த்து வார்டு நர்ஸ்கள் மனம் வெறுத்து விட்டுவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

முப்பதாம் நாள் இயக்குநரிடம் இவை இரண்டு பக்கமாகப் போகின்றன. புது மெஷின் இப்போது வேண்டாம் என்பது அதில் ஒரு வரி. இன்னொரு வரிதான் இந்தத் திட்டத்தின் உயிர்: இனி ரத்தம் எடுத்த நேரத்திலிருந்து எண்ணுவோம்.

இரண்டாம் மாதம் ஒரே வார்டில், இரண்டு வாரச் சோதனை. உதவியாளர் நர்ஸிங் துறையின் ஆள். லேப் தலைவர் அவருக்கு உத்தரவிட முடியாது. ஆகவே நர்ஸிங் சூப்பிரண்டெண்டிடம் நேரில் போய், அந்த நான்கு நேரங்களையும் காட்டி உதவி கேட்கிறார். மார்னிங் ஷிஃப்டில் ஒருவர் ஏழுக்குப் பதில் 5.30க்கு வந்து 1.30க்குப் போக வேண்டும். யார் என்பதை மூத்த டெக்னீஷியனே தீர்மானிக்கிறார். அந்நேரத்துக்கு யாருக்குப் பஸ் இருக்கிறது, யார் வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கையெழுத்திடும் மருத்துவர்களில் ஒருவர் முறை வைத்து எட்டு மணிக்கே வருகிறார். அந்த முறையின் முதல் வாரத்தைத் தலைவர் தானே எடுத்துக்கொள்கிறார்.

இது சரியாக நடந்தால் 5.40க்கு எடுத்த ரத்தம் 6.05க்கு லேபில், 7.10க்கு முடிவு, 8.15க்கு ரிப்போர்ட். 220 நிமிடம் 155 ஆகிறது. இப்போது கம்ப்யூட்டரின் கணக்கைப் பாருங்கள். 6.05இலிருந்து 8.15 வரை 130 நிமிடம். லேப் இலக்கைத் தாண்டிவிட்டது! நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகக் கிடைத்த ரிப்போர்ட், மாதாந்திர அறிக்கையில் சிவப்பு நிறத்தில் வரும். முப்பதாம் நாளே அளவுகோலை மாற்றிக்கொள்ளாத தலைவர், நல்ல வேலை செய்துவிட்டு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்.

ரத்தம் எடுத்த நேரத்தை நர்ஸ் எழுதினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அவசரத்தில் எல்லாக் குழாய்க்கும் "5.45" என்று மொத்தமாக எழுதிவிடுவார்கள். ஒரு வார்டின் இருபது சாம்பிளுக்கும் ஒரே நேரம் இருந்தால் அது உண்மை நேரம் இல்லை. அதற்காக யாரையும் திட்டாமல், படுக்கை அருகே பார்கோடை ஸ்கேன் செய்ய ஏற்பாடு கேட்பது மூன்றாம் மாத வேலைகளில் ஒன்று.

இந்த நாட்களில் தலைவர் தன்னையும் கவனித்துக்கொள்ள வேண்டும். தன் அறைக்கு வருவது எப்போதும் அதே இரண்டு பேரா? உறைந்துபோன சாம்பிள், தவறான பெயர் ஒட்டிய குழாய் பற்றிய செய்தி லேபிலிருந்து வருகிறதா, வார்டிலிருந்து புகாராக வருகிறதா? இரண்டாவது என்றால், குழு இன்னும் அவரிடம் மறைக்கிறது.

தொண்ணூறாம் நாள் அறிக்கையில் செய்ததோடு செய்யாததும் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை வார்டில் ரவுண்ட்ஸ் எட்டு மணிக்கே தொடங்குவதால் இந்த ஏற்பாடு அங்கே போதாது. இரவில் ஒற்றை ஆள் என்ற நிலை அப்படியே இருக்கிறது. இரண்டாவது ஆளுக்கான சம்பளக் கணக்கு இணைக்கப்பட்டிருக்கிறது. அதிகாலை ஷிஃப்டுக்கு வருபவருக்குக் காலைச் சிற்றுண்டியும் போக்குவரத்துப் படியும் கேட்டு மூத்த டெக்னீஷியன் எழுதிய குறிப்பு, அவர் கையெழுத்தோடு அதே அறிக்கையில் போகிறது.