நாமினி பெயருக்கு மாறிய ஃபிளாட் யாருடையது?

மும்பையில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் ஃபிளாட் வைத்திருப்பவர்கள் பத்திரமாகப் பூட்டி வைக்கும் காகிதங்களில் ஒன்று ஷேர் சர்டிபிகேட். பழைய சங்கங்கள் பலவற்றில் அதில் ஐந்து பங்குகள் இருக்கும். பங்குக்கு 50 ரூபாய் வீதம் 250 ரூபாய். அந்தச் சின்னத் தொகையோடுதான் கோடி ரூபாய் வீட்டின் உரிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில் இருக்க, உறுப்பினருக்குப் பங்கும் அதன்வழி அந்த ஃபிளாட்டின் உரிமையும் இருக்கும். தமிழ்நாட்டில் நாம் பழகிய ஏற்பாடு வேறு. இங்கே நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் நம் பெயரிலேயே பத்திரமாகிவிடும். குடியிருப்போர் சங்கத்தின் வேலை பெரும்பாலும் பராமரிப்போடு முடிந்துவிடும். அதனால் மும்பை ஃபிளாட்டில் உறுப்பினர் இறந்துவிட்டால் குடும்பம் முதலில் போய் நிற்கும் இடம் சொசைட்டி ஆபீஸ்.

அங்கே செக்ரட்டரி கேட்கும் முதல் கேள்வி, "நாமினி யார்?" என்பது. குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது. நாமினியாகப் பெயர் கொடுக்கப்பட்டவரே வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று குடும்பமும் நினைக்கிறது, பல கமிட்டிகளும் நினைக்கின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 2019இல் வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன் 154பி-13ஆம் பிரிவின்படி, உறுப்பினர் இறந்தபின் நாமினியைச் சங்கம் தற்காலிக உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உயிலின்படியோ வாரிசுரிமைச் சட்டத்தின்படியோ உரிமையுள்ளவர்கள் உறுப்பினராகும் வரைதான் அந்த இடம் அவருக்கு. பராமரிப்புக் கட்டணத்தை யாரிடம் வாங்குவது, நோட்டீஸை யாருக்கு அனுப்புவது என்று சங்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அதற்காகச் செய்த ஏற்பாடு இது. மேற்கு வங்கச் சங்கம் ஒன்றின் வழக்கில் 2016இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், சங்கம் நாமினியின் பெயருக்கு மாற்றியாக வேண்டும், ஆனால் மற்ற வாரிசுகள் தங்கள் உரிமையைத் தனியே கேட்க அது தடையாகாது என்றே சொன்னது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். செம்பூரில் ஒருவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஃபிளாட், இன்றைய மதிப்பு 1 கோடியே 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். கணவரை இழந்த அவருடைய வயதான தாயாரும் உயிரோடு இருக்கிறார். நாமினி மகன். அவன் ஆறு மாதத்துக்குள் இறப்புச் சான்றிதழையும் ஷேர் சர்டிபிகேட்டையும் இணைத்து விண்ணப்பிக்கிறான். கமிட்டி தீர்மானம் போட்டு அவன் பெயரை ஏற்றுக்கொள்கிறது. சர்டிபிகேட்டின் பின்பக்கத்தில் பெயர் ஏறி, தலைவரும் செக்ரட்டரியும் கையெழுத்துப் போட்டதும், வீட்டு வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் மட்டுமல்ல, தாயாரும் உண்டு. நம் குடும்பங்கள் பெரும்பாலும் மறப்பது இந்தத் தாயாரைத்தான். ஆக, இந்த நால்வருக்கும் ஆளுக்கு 30 லட்சம் மதிப்புள்ள கால் பங்கு. மகன் நாமினி என்பதால் அவனுக்கு ஒரு ரூபாய் கூடுவதில்லை.

நான்கு வருடம் கழித்துப் பாட்டியும் உயில் எழுதாமல் இறக்கிறார். அவருக்கு மொத்தம் மூன்று பிள்ளைகள்: இறந்துபோன இந்த மகன், இன்னொரு மகன், ஒரு மகள். பாட்டியின் 30 லட்சம் மூன்றாகப் பிரியும். சித்தப்பாவுக்குப் பத்து, அத்தைக்குப் பத்து. முன்பே இறந்த மகனுக்குரிய பத்து அவர் பிள்ளைகள் இருவருக்கும் ஐந்தைந்தாகப் போகும். மருமகளுக்கு அதில் எதுவும் இல்லை. இப்போது அந்த ஃபிளாட்டில் அம்மாவுக்கு 30, மகனுக்கு 35, மகளுக்கு 35, அந்த வீட்டில் ஒருநாளும் குடியிருக்காத சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் 10, 10. யாரும் ஏமாற்றவில்லை, சண்டையும் இல்லை. காலம் கடந்ததே இதற்குக் காரணம். வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் வாரிசுப் பட்டியலைக் கேட்பார். ஐந்து பேரின் கையெழுத்தும் வேண்டும் என்பார். சர்டிபிகேட்டில் ஏறிய பெயர் அவரிடம் செல்லாது.

அதனால்தான், துக்கம் விசாரிக்க வந்த உறவுகள் மனம் ஒத்து இருக்கும்போதே அடுத்த வேலையைச் செய்துவிடச் சொல்கிறேன். வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்து, விட்டுக்கொடுக்க விரும்புபவர்கள் ஒருவருக்குச் சாதகமாக விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். மேலே சொன்ன குடும்பத்தில் பாட்டியும் பிள்ளைகளும் தங்கள் பங்கை அம்மாவுக்கு விடுவித்திருந்தால் ஃபிளாட் முழுவதும் அம்மாவுடையது ஆகியிருக்கும். வெறும் வெள்ளைத்தாளிலோ நோட்டரி முத்திரையோடோ 'எனக்கு ஆட்சேபனை இல்லை' என்று எழுதிக் கொடுப்பது போதாது. அசையாச் சொத்தில் உள்ள பங்கை விடுவதால் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் அனுப்பினால் இங்கே ஒருவர் அவருக்காகக் கையெழுத்திடலாம். பதிவான பத்திரத்தோடு மறுபடி சொசைட்டிக்குப் போய்த் தற்காலிக உறுப்பினரின் இடத்தில் உரிமையுள்ளவரை முழு உறுப்பினராக்கச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குள் நடக்கும் இந்த மாற்றத்துக்குச் சங்கம் பிரீமியம் கேட்கக்கூடாது. மாதிரித் துணைவிதிகளின்படி மாற்றுக் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் சில நூறு ரூபாய்தான். 'டொனேஷன்' என்று பெரிய தொகை கேட்டாலோ விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டாலோ கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடம் முறையிடலாம்.

நாமினியே இல்லாவிட்டால் சங்கம் அறிவிப்புப் பலகையிலும் இரண்டு உள்ளூர் நாளிதழ்களிலும் நோட்டீஸ் கொடுத்து, உரிமை கோருபவர்களையும் ஆட்சேபிப்பவர்களையும் அழைக்கும். பிறகு வாரிசாகத் தெரிபவரிடம், பின்னால் வேறு யாராவது வந்தால் இழப்பைத் தான் ஈடுசெய்வதாக உறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்ளும். அவரும் தற்காலிக உறுப்பினர்தான். உயில் இருந்தால் நாமினேஷனைவிட உயிலே நிற்கும். கல்யாணத்துக்கு முன் அண்ணனை நாமினியாக்கியவர், கல்யாணமானதும் அது தானாக ரத்தாகும் என்று நினைக்கக்கூடாது. புதிய படிவம் கொடுத்து, சங்கம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு. ஆனால் அங்கும் பங்கை முடிவு செய்வது அவரவர் வாரிசுரிமைச் சட்டமே தவிர, நாமினேஷன் படிவம் அல்ல.

வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால்? யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கமிட்டிக்கும் இல்லை, துணைப் பதிவாளருக்கும் இல்லை. அதற்கு சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குதான். வழக்கு முடியும்வரை நாமினி தற்காலிக உறுப்பினராகவே தொடர்வார். பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டுவார், நோட்டீஸ்களும் அவர் பெயருக்கே வரும். மற்ற வாரிசுகளின் பங்கை மட்டும் அவரால் விற்க முடியாது.